பெரிய கம்ப்ரஸர் மோட்டாருக்கு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ஸ்டார்ட்டர்: டேப் தேர்வும் ரன்னுக்கு மாறும் நொடியும்

ஒரு நெசவு ஆலை. ஏர்ஜெட் தறிகள், அவற்றுக்குக் காற்று கொடுக்க இரண்டு ஸ்க்ரூ கம்ப்ரஸர்கள். ஒவ்வொன்றிலும் 315 கிலோவாட், 415 வோல்ட், நான்கு போல் மோட்டார். திங்கட்கிழமை காலையில் முதல் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவதைப் போடுவார்கள். மோட்டார் முனகிக்கொண்டே ஏறும். சரியாகப் பதினைந்தாவது விநாடியில் பேனலில் 'டமார்' என்று ஒரு சத்தம், விளக்குகள் மங்கும், தறிகளில் பல நின்றுபோகும். செவ்வாய் முதல் சனி வரை இந்தத் தொல்லை இல்லை.

நான் போய்ப் பார்த்தபோது ஸ்டார்ட்டரின் டேப் 50 சதவீதத்தில் இருந்தது, அதாவது தொடக்கத்தில் மோட்டாருக்கு லைன் வோல்ட்டேஜில் பாதிதான் போனது. வோல்ட்டேஜ் இறங்கக் கூடாதே என்று யாரோ நல்லெண்ணத்தோடு 65-லிருந்து கீழே இறக்கியிருக்கிறார்கள். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த மோட்டாரையே வைத்துப் பேசப்போகிறேன். மிகக் குறைந்த டேப்தான் மிகப் பாதுகாப்பான டேப் என்று நினைப்பதுதான் இந்த ஸ்டார்ட்டரில் நான் அதிகம் பார்த்த தவறு.

## ஸ்டார்ட்டர் செய்வது என்ன

மோட்டாரை நேரடியாகப் போட்டால் அது ஃபுல் லோடு கரண்டைப் போல ஆறு ஆறரை மடங்கு இழுக்கும். நம் மோட்டாரின் ஃபுல் லோடு கரண்ட் 527 ஆம்ப். ஆறரை மடங்கு என்றால் ஏறக்குறைய 3430 ஆம்ப். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் நடுவில் நின்று, மோட்டாருக்குக் குறைந்த வோல்ட்டேஜைக் கொடுக்கிறது. 65 சதவீத டேப்பில் மோட்டார் வாங்கும் கரண்ட் 0.65 மடங்காகக் குறைந்து 2230 ஆம்ப் ஆகும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் என்பதால், லைனிலிருந்து வரும் கரண்ட் இன்னொரு 0.65 மடங்கு குறைந்து 1450 ஆம்ப்தான் இருக்கும். மோட்டாரின் டார்க்கும் வோல்ட்டேஜின் வர்க்கத்தில்தான் குறைகிறது. ஆக லைன் கரண்ட் எந்த விகிதத்தில் குறைகிறதோ, அதே விகிதத்தில் டார்க்கும் குறைகிறது.

சாஃப்ட் ஸ்டார்ட்டரில் இந்தச் சலுகை கிடையாது. அதே டார்க்குக்கு அது லைனிலிருந்தே 2230 ஆம்ப்பையும் இழுக்கும். சப்ளை பலவீனமான இடங்களில் இந்தப் பழைய இரும்புப் பெட்டி இன்னும் மதிக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். ஸ்டார்-டெல்டாவிலும் கரண்டும் டார்க்கும் ஒன்றாகவே குறையும். ஆனால் அங்கே மூன்றில் ஒரு பங்கு என்ற ஒரே அளவுதான். இங்கே 50, 65, 80 என்று டேப் மாற்றிக்கொள்ளலாம். சில பேனல்களில் 65-க்குப் பதில் 60 இருக்கும். பெயர்ப்பலகையைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

## முதல் படி: மூன்று தாள்களைக் கையில் எடுங்கள்

டேப்பை முடிவு செய்வதற்கு முன் மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும்.

ஒன்று, மோட்டாரின் டார்க்-ஸ்பீடு வளைவு. தயாரிப்பாளரிடம் கேட்டால் கொடுப்பார்கள். அதில் தொடக்க டார்க்கை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடக் கூடாது. தொடக்கத்துக்குப் பிறகு வளைவு கொஞ்சம் பள்ளமாக இறங்கும். அந்தப் பள்ளத்தின் அளவே முக்கியம், அதைத்தான் புல்-அப் டார்க் என்கிறோம். நம் மோட்டாரில் தொடக்க டார்க் ஃபுல் லோடு டார்க்கில் 140 சதவீதம். பள்ளத்தில் 110. உச்சத்தில் 230.

இரண்டு, கம்ப்ரஸர் லோடு இல்லாமல் ஏறும்போது எவ்வளவு டார்க் கேட்கிறது என்பது. சக்ஷன் வால்வு மூடி, சம்ப்பில் பிரஷர் இறங்கியிருந்தால், நம் ஸ்க்ரூ கம்ப்ரஸர் அசையத் தொடங்க 15 முதல் 20 சதவீதம் கேட்கும். முழு வேகத்தை நெருங்கும்போது 30 சதவீதம். சராசரியாக 22 என்று வைத்துக்கொள்ளலாம். எண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருந்தால் இதோடு ஒரு ஐந்து சதவீதம் கூடும். அந்த ஐந்துதான் திங்கட்கிழமையின் ரகசியம்.

மூன்று, சப்ளையின் பலம். இங்கே 1000 கே.வி.ஏ., 433 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், இம்பீடன்ஸ் 5 சதவீதம்.

இவற்றோடு சுழலும் பாகங்களின் இனெர்ஷியாவும் வேண்டும். மோட்டாரின் ரோட்டார், கப்ளிங், கியர், கம்ப்ரஸர் ரோட்டார்கள் எல்லாம் சேர்த்து, மோட்டார் வேகத்துக்குக் கணக்கிட்டால், இங்கே சுமார் 20 கிலோகிராம் சதுர மீட்டர். கம்ப்ரஸர் மோட்டாரைவிட வேகமாக ஓடினால், அதன் இனெர்ஷியாவை வேக விகிதத்தின் வர்க்கத்தால் பெருக்க மறக்காதீர்கள். இரண்டு மடங்கு வேகம் என்றால் நான்கு மடங்கு இனெர்ஷியா. ஃப்ளைவீல் வைத்த ரெசிப்ரோகேட்டிங் கம்ப்ரஸரில் இந்த எண் இதைவிட மிகப் பெரிதாக இருக்கும். இங்கே வரும் விநாடிக் கணக்கை அதற்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது.

## இரண்டாம் படி: மேல் எல்லையும் கீழ் எல்லையும்

டேப்புக்கு மேல் எல்லையைப் போடுவது சப்ளை. வோல்ட்டேஜ் எவ்வளவு இறங்கலாம் என்று உங்கள் ஆலையில் ஓடும் மற்ற இயந்திரங்களே சொல்லும். கீழ் எல்லையைப் போடுவது கம்ப்ரஸர். புல்-அப் பள்ளத்தில்கூட மோட்டாரின் டார்க், கம்ப்ரஸர் கேட்பதைவிடத் தாராளமாக அதிகமாக இருக்க வேண்டும்.

கணக்கு எளிதுதான். நேரடித் தொடக்கத்தில் மோட்டாரின் இம்பீடன்ஸ் ஒரு ஃபேஸுக்கு 0.07 ஓம். டேப் வழியாகப் பார்த்தால் லைனுக்கு அது டேப்பின் வர்க்கத்தால் வகுத்த அளவாகத் தெரியும். 65 சதவீதத்துக்கு அது 0.166 ஓம். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸ் 0.0094 ஓம். இரண்டும் தொடராக நின்று வோல்ட்டேஜைப் பங்கிடுகின்றன. 0.0094-ஐ மொத்தத்தால் வகுத்தால் இறக்கம் கிடைத்துவிடும்: ஏறக்குறைய ஐந்தரை சதவீதம். அந்த இறக்கத்தையும் கழித்த பிறகு மோட்டாருக்குக் கிடைப்பது 65 அல்ல, 61.5 சதவீதம்தான். அதன் வர்க்கம் 0.38. அதாவது 110 சதவீதப் பள்ளம் இப்போது 42 ஆகிவிடும். கம்ப்ரஸர் அந்த வேகத்தில் கேட்பது இருபதுக்குள். போதும்.

இதே கணக்கை மூன்று டேப்புக்கும் போட்டு, ஏறும் நேரத்தையும் சேர்த்தால் படம் தெளிவாகும்:

| டேப் | லைன் கரண்ட் | வோல்ட்டேஜ் இறக்கம் | ஏறும் நேரம், சூடான எண்ணெய் | ஏறும் நேரம், குளிர்ந்த எண்ணெய் |
|---|---|---|---|---|
| 50% | 860 ஆம்ப் | 3% | 12.6 விநாடி | 21 விநாடி |
| 65% | 1450 ஆம்ப் | 5.5% | 4.6 விநாடி | 5.4 விநாடி |
| 80% | 2190 ஆம்ப் | 8% | 2.7 விநாடி | 2.9 விநாடி |

நேரடியாகப் போட்டால் இறக்கம் 12 சதவீதம். 11 கே.வி. பக்கத்தின் இம்பீடன்ஸை நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் எல்லாமே கொஞ்சம் கூடும். ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் தனக்கென்று இழுக்கும் காந்தமாக்கும் கரண்டும் இதில் இல்லை. குறைந்த நேரம் மட்டுமே ஓடுவதால் அதன் கோரை இறுக்கமாகவே வடிவமைப்பார்கள், அதனால் அந்தக் கரண்ட் அலட்சியப்படுத்தும் அளவில் இருக்காது.

கடைசி இரண்டு நிரல்களைப் பாருங்கள். 65-லும் 80-லும் எண்ணெய் குளிர்ந்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 50-ல் மட்டும் நேரம் மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடுகிறது. காரணம், 50-ல் மோட்டார் சராசரியாகக் கொடுப்பது 34 சதவீத டார்க், கம்ப்ரஸர் கேட்பது 22. மிச்சம் இருக்கும் 12-ல்தான் வேகம் ஏற வேண்டும். அந்தப் பன்னிரண்டில் ஐந்து போனால் ஏழு. ஏறும் நேரத்தை முடிவு செய்வது இந்த மிச்சம்தான்.

அந்த ஆலையில் டைமர் 15 விநாடியில் இருந்தது. மற்ற நாட்களில் மோட்டார் பதின்மூன்றாவது விநாடியில் ஏறி முடித்துவிடும், டைமர் பதினைந்தில் மாற்றும், எல்லாம் சரி. ஞாயிறு விடுமுறைக்குப் பிறகு 21 விநாடி தேவைப்பட்டது, ஆனால் டைமர் காத்திருக்காது. மோட்டார் பாதி வழியில் இருக்கும்போதே முழு வோல்ட்டேஜை அதன் தலையில் போட்டது. அந்த வேகத்தில் மோட்டார் இழுக்கும் கரண்ட் நேரடித் தொடக்கத்தைவிடச் சற்றே குறைவு. அதாவது ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மருக்குச் செலவழித்ததெல்லாம் வீண். வோல்ட்டேஜ் இறக்கம் பதினைந்து விநாடி தள்ளி வந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் மனத்தில் வையுங்கள். உண்மையான மோட்டாரில் டார்க் வர்க்க விதியைவிடக் கொஞ்சம் அதிகமாகவே குறையும். முழு வோல்ட்டேஜில் லீக்கேஜ் பாதைகள் செறிவடைந்திருக்கும். குறைந்த வோல்ட்டேஜில் செறிவு விலகுவதால் கரண்டும் டார்க்கும் எதிர்பார்த்ததைவிடக் கீழே போகும். கணக்கில் டார்க் 'மயிரிழையில்' தேறுகிறது என்றால், களத்தில் அது தேறாது.

## மூன்றாம் படி: டேப்பை முடிவு செய்வது

நம் கேஸில் முடிவு 65. இறக்கம் ஐந்தரை சதவீதத்தைத் தறிகளின் மின்னணுப் பகுதி தாங்கும். ஏறும் நேரம் ஐந்து விநாடிக்கு அருகில். குளிர் காலையிலும் அது அதிகம் மாறாது. 80 வைத்தாலும் ஓடும், ஆனால் அவசியமில்லாமல் இன்னும் 740 ஆம்ப் இழுப்பானேன்.

ஜெனரேட்டரில் ஓட்டுவதாக இருந்தால் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். ஆல்ட்டர்னேட்டரின் இம்பீடன்ஸ் டிரான்ஸ்ஃபார்மரைவிட மூன்று நான்கு மடங்கு அதிகம். ஏறக்குறைய 1000 கே.வி.ஏ. செட், 18 சதவீத டிரான்ஸியன்ட் ரியாக்டன்ஸ் என்று எடுத்தால், 65 டேப்பிலேயே வோல்ட்டேஜ் 16 சதவீதம் சரியும். 80-ல் 22. ஆகவே அந்த ஆலையில் ஜெனரேட்டர் ஓடும்போது கம்ப்ரஸரை முதலில் ஏற்றிவிட்டு, அதற்குப் பிறகே தறிகளைப் போடுவது என்று வைத்தோம். ஜெனரேட்டருக்காக டேப்பை 50-க்கு இறக்கலாமே என்று கேட்பார்கள். அப்படி இறக்கித்தான் இந்தக் கதையே தொடங்கியது.

டேப் லிங்க்கை மாற்றும்போது பிரேக்கரை ஆஃப் செய்து, வெளியே இழுத்து, பூட்டுப் போட்டு, டெஸ்டரால் மூன்று ஃபேஸிலும் மின்சாரம் இல்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். மூன்று ஃபேஸையும் ஒரே டேப்புக்கு மாற்றினோமா என்று இரண்டாவது ஆள் ஒருவர் பார்க்கட்டும். ஒரு முறை ரீவைண்டிங்குக்குப் போய்த் திரும்பிய ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டு ஃபேஸ் 65-லும் ஒன்று 80-லும் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் உறுமிக்கொண்டு ஏறியது, ரன்னுக்கு வந்ததும் அமைதியாகிவிட்டது. ரன்னில் எல்லாம் சரியாக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தொடக்கத்தில் மூன்று ஃபேஸிலும் டாங் டெஸ்டர் போட்ட பிறகே தெரிந்தது.

## நான்காம் படி: மாற்றம்

மோட்டார் டேப்பில் ஏறி முடித்த பிறகு அதை முழு வோல்ட்டேஜுக்கு எப்படிக் கொண்டுபோவது? பழைய, மலிவான முறையில் டேப்பிலிருந்து கழற்றி, ஒரு நொடி வெறுமனே விட்டு, நேராக லைனில் போடுவார்கள். இதை ஓப்பன் டிரான்ஸிஷன் என்பார்கள். அந்த வெறும் இடைவெளியில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் பயமாகவே இருக்கும்.

சப்ளை போனதும் மோட்டாரின் காந்தப்புலம் உடனே செத்துவிடாது. ரோட்டார் பார்களில் ஓடும் கரண்ட் அதைப் பிடித்து வைத்திருக்கும். பெரிய மோட்டாரில் அது தேய ஒரு விநாடி அளவில்கூட ஆகலாம். அதுவரை மோட்டார் தன் டெர்மினலில் தானே வோல்ட்டேஜ் உண்டாக்கிக்கொண்டிருக்கும். அதே நேரம் கம்ப்ரஸரின் 30 சதவீத இழுவை வேகத்தைக் குறைக்கிறது, அதனால் மோட்டாரின் வோல்ட்டேஜ் லைன் வோல்ட்டேஜுக்குப் பின்தங்கத் தொடங்கும். நம் மோட்டாரில், 20 இனெர்ஷியாவோடு, 0.2 விநாடியில் அது நூறு டிகிரி அளவுக்குப் பின்தங்கிவிடும். 0.3 விநாடியில் ஏறக்குறைய 200 டிகிரி. அதாவது லைனுக்கு நேர் எதிராக நிற்கும். அந்த நேரத்தில் அதன் அளவு இன்னும் 45 சதவீதம் இருக்கும். இப்போது ரன் கான்டாக்டர் மூடினால், மோட்டார் உணர்வது முழு வோல்ட்டேஜ் அல்ல, ஏறக்குறைய 1.4 மடங்கு. கரண்ட் 4900 ஆம்ப்புக்குப் போகும். நேரடித் தொடக்கமே 3430 தான் என்பதை நினைத்துப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கவென்று வாங்கிய பெட்டி, நேரடித் தொடக்கத்தைவிடக் கடுமையாக அடிக்கிறது. ஷாஃப்ட், கப்ளிங், கியர் பல் எல்லாம் அந்த டார்க் உதையை வாங்கும். பிரேக்கரும் சில நாள் விழும், சில நாள் விழாது. கான்டாக்டர் மூடும் நேரம் சில மில்லி விநாடி முன்பின் ஆவதால் கோணமும் மாறுகிறது, அதனால்தான் இந்த விளையாட்டு.

இதற்கான தீர்வு நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கோர்ன்டோர்ஃபர் 1908-ல் அமெரிக்காவில் விண்ணப்பித்து, 1914-ல் காப்புரிமை பெற்ற இணைப்பு. இன்றும் அவர் பெயரிலேயே கோர்ன்டோர்ஃபர் ஸ்டார்ட்டர் என்கிறார்கள். மூன்று கான்டாக்டர்கள்: ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரை லைனில் இணைக்கும் ஒன்று, அதன் மூன்று வைண்டிங்குகளின் கடைமுனைகளை ஸ்டாராகச் சேர்க்கும் ஒன்று, மோட்டாரை நேராக லைனில் போடும் ரன் ஒன்று.

வரிசை இது. முதலில் ஸ்டார் மூடும், பிறகு லைன் கான்டாக்டர் மூடும். மோட்டார் டேப்பிலிருந்து ஏறுகிறது. ஏறி முடிந்ததும் ஸ்டார் மட்டும் திறக்கும். லைன் கான்டாக்டர் மூடியபடியே இருக்கும். ஸ்டார் போனதும் அது டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. லைனுக்கும் டேப்புக்கும் நடுவிலுள்ள வைண்டிங் மட்டும் மோட்டாரோடு தொடராக நிற்கும் ஒரு சோக். மோட்டாருக்கு மின்சாரம் ஒரு கணமும் அறுபடவில்லை. அதற்குப் பிறகு ரன் மூடி அந்தச் சோக்கைக் குறுக்கிணைக்கும். கடைசியாக லைன் கான்டாக்டர் விலகி, ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் செத்துக் கிடக்கும்.

பேனல் வாங்கும்போது கேட்க வேண்டிய ஒரே கேள்வி கேட்கச் சொன்னால் இதைத்தான் கேட்பேன்: ஸ்டார் திறந்து ரன் மூடும்வரை லைன் கான்டாக்டர் பிடித்தே இருக்கிறதா? மூன்று கான்டாக்டர் இருப்பதால் மட்டும் அது கோர்ன்டோர்ஃபர் ஆகிவிடாது. மூன்று கான்டாக்டரோடும் ஓப்பன் டிரான்ஸிஷனாக வயரிங் செய்த பேனல்களும் உண்டு.

## சோக் நிலை எவ்வளவு நேரம்

இது மில்லி விநாடிக் கணக்கு. ஸ்டார் கான்டாக்டர் விழுந்ததும் அதன் துணைக் கான்டாக்ட் மூடி ரன்னின் காயிலுக்கு மின்சாரம் தரும். ரன் மூட அதற்குரிய நேரம் எடுக்கும். பெரிய கான்டாக்டர்களில் இந்த மொத்தம் பொதுவாக நூறு மில்லி விநாடியை ஒட்டி வரும். அது போதும். இதற்கு மேல் தனியாக ஒரு தாமத டைமர் வைக்க வேண்டியதில்லை. ஸ்டார்-டெல்டா பேனல் செய்து பழகியவர்கள் கைப்பழக்கத்தில் இங்கும் ஒரு தாமதத்தைச் செருகிவிடுவார்கள். சோக் நிலை ஒரு விநாடி நீடித்தால் மோட்டாரின் வோல்ட்டேஜ் சரியும், வேகம் இறங்கும், ரன் மூடும்போது உதை விழும்.

இன்னொரு ஆபத்து வைண்டிங்குக்கு. சோக் நிலையில் கரண்ட் ஓடுவது வைண்டிங்கின் மேல் 35 சதவீதச் சுற்றுகளில். மிச்சமுள்ள 65 சதவீதம் திறந்து கிடக்கிறது, ஆனால் அதே கோரில்தான் இருக்கிறது. ஆகவே மேல் பகுதியில் விழும் வோல்ட்டேஜைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கீழ்ப் பகுதியில் தூண்டப்படும். 80 டேப்பில் இது நான்கு மடங்கு. இதைக் கட்டுக்குள் வைக்கத்தான் இந்த வகை ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரின் கோரில் சிறு காற்று இடைவெளி விட்டுச் செய்வார்கள். ரீவைண்டிங் கடையில் கோரைப் பிரித்து, அந்த இடைவெளியில் இருந்த இன்சுலேஷன் தகட்டைக் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டு இறுக்கி அனுப்பினால், ஸ்டார் கான்டாக்டரில் பொறி தெறிப்பதும், வைண்டிங்கின் கடைமுனையில் கருகுவதும் தொடங்கும். ரீவைண்டிங்குக்கு அனுப்பும்போதே இடைவெளியின் அளவைக் குறித்து அனுப்புங்கள்.

ஸ்டாரும் ரன்னும் எந்த நிலையிலும் ஒன்றாக மூடக் கூடாது. லைன் கான்டாக்டரும் மூடியிருக்கும்போது அப்படி நடந்தால், வைண்டிங்கின் ஒரு பகுதி குறுக்கிணைந்த நிலையில் மீதி முழு வோல்ட்டேஜில் நிற்கும். அது நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். காயில் வயரிங்கில் உள்ள இன்டர்லாக் மட்டும் போதாது, இரண்டுக்கும் நடுவே இயந்திர இன்டர்லாக்கும் இருக்க வேண்டும். ஸ்டார் கான்டாக்டர் ஒட்டிக்கொண்டால் காப்பாற்றுவது அதுதான்.

## ஐந்தாம் படி: எப்போது மாற்றுவது

டைமர் வைத்து மாற்றுவது வழக்கம். டைமரை எவ்வளவில் வைப்பது என்று யோசிக்காமல் வைப்பதும் வழக்கம். ஆம்மீட்டர் சொல்வதைக் கேளுங்கள். மோட்டார் ஏறும்போது ஊசி மேலேயே நிற்கும். வேகம் முழுதாக வரும்போது கரண்ட் சட்டென்று இறங்கிக் கீழே உட்காரும். அந்த இறக்கம்தான் சைகை. அதற்கு மேல் ஒன்றிரண்டு விநாடி கழித்து மாற்றினால் சரி.

65 டேப்பில் குளிர் காலை ஏறும் நேரம் 5.4 விநாடி என்று பார்த்தோம். நாங்கள் டைமரை 7.5 விநாடியில் வைத்தோம். அதோடு ஒரு கரண்ட் ரிலேயும் சேர்த்தோம். டைமர் முடியும்போது மோட்டார் கரண்ட் ஃபுல் லோடின் ஒன்றரை மடங்குக்குக் கீழே வந்திருந்தால் மட்டும் மாற்றம் நடக்கும். வரவில்லை என்றால் ஸ்டார்ட்டர் டிரிப் ஆகும். இந்த ரிலே ஆரம்பத்திலேயே இருந்திருந்தால், திங்கட்கிழமை தறிகள் நின்றிருக்காது. கம்ப்ரஸர் மட்டும் நின்று, காரணத்தைத் தேட வைத்திருக்கும்.

கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் கேபிளில் இருந்தால் மோட்டாரின் உண்மையான கரண்ட் தெரியும். லைன் பக்கம் இருந்தால் தொடக்கத்தில் குறைவாகக் காட்டும். ஓவர்லோடு ரிலே மோட்டார் பக்கம்தான் இருக்க வேண்டும்.

லோடு சிக்னலையும் மறக்கக் கூடாது. சக்ஷன் வால்வைத் திறக்கும் சோலனாய்டு, ரன் கான்டாக்டர் மூடிய பிறகு மூன்று முதல் ஐந்து விநாடி கழித்தே இயங்க வேண்டும். நிறுத்திய உடனே மறுபடி போடும்போது சம்ப்பில் பிரஷர் மீதி இருந்தால் டார்க் கணக்கு எல்லாம் தவறிவிடும், ஆகவே பிரஷர் இறங்கும்வரை மறுதொடக்கத்தைத் தடுக்கும் இன்டர்லாக் அவசியம். பவர் ஃபேக்டர் கெபாசிட்டரை ஸ்டார்ட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவில் போடாதீர்கள். சோக் நிலையில் சோக்கும் கெபாசிட்டரும் சேர்ந்து விரும்பாத வோல்ட்டேஜை உண்டாக்கும். ரன் வந்த பிறகு மூடும் தனிக் கான்டாக்டரில், லைன் பக்கத்தில் போடுங்கள்.

## ஆறாம் படி: ஓட்டிப் பார்ப்பது

முதலில் மெயின் சப்ளை இல்லாமல், கன்ட்ரோல் சப்ளை மட்டும் கொடுத்து வரிசையை ஓட்டுங்கள். மூன்று கான்டாக்டரையும் பார்த்துக்கொண்டே, செல்போனில் வீடியோ எடுத்துவிட்டு மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டார் விழுகிறது, லைன் அசையவில்லை, ரன் மூடுகிறது, லைன் விழுகிறது. ரன் மூடுவதற்கு முன் லைன் விழுந்தால் அங்கேயே நிறுத்தி வயரிங்கைப் பாருங்கள்.

பிறகு மோட்டாரோடு. பவர் அனலைசர் இருந்தால் பதிவு செய்யுங்கள்; இல்லையென்றால் மூன்று டாங் டெஸ்டரும் ஒரு செல்போனும் போதும். மூன்று ஃபேஸ் கரண்டும் சமமாக இருக்கின்றனவா, எத்தனையாவது விநாடியில் ஊசி இறங்குகிறது, மாற்றத்தின்போது ஊசி எவ்வளவு துள்ளுகிறது என்று பாருங்கள். ஊசி இறங்கிய பிறகு நடக்கும் மாற்றத்தில் ஒரு சிறு துள்ளல் மட்டுமே இருக்கும். மோட்டார் ஏறி முடித்த பிறகும் மாற்றத்தில் பெரிய துள்ளல் வந்தால், நடுவில் எங்கோ இணைப்பு அறுபடுகிறது என்று பொருள். ஊசி இறங்காமலே மாற்றம் நடந்தால் டேப் குறைவு, அல்லது கம்ப்ரஸர் லோடோடு ஏறுகிறது. டேப்பைத் தொடுவதற்கு முன் சக்ஷன் வால்வு உண்மையிலேயே மூடியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிடுங்கள். வால்வு இறுகிக் கொஞ்சம் திறந்து நின்றதற்கு டேப்பை ஏற்றியவர்களும் உண்டு.

ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் தொடர்ந்து ஓட வடிவமைத்ததல்ல. பெயர்ப்பலகையில் ஒரு முறைக்கு எத்தனை விநாடி, மணிக்கு எத்தனை முறை என்று இருக்கும். சோதனை ஓட்டத்தில்தான் அந்த எல்லையை எல்லாரும் மீறுவார்கள்: டைமரை ஒரு விநாடி திருப்பு, மறுபடி போடு, இன்னொரு விநாடி திருப்பு, மறுபடி போடு. வைண்டிங்கில் பதித்த தெர்மோஸ்டாட்டை டிரிப்போடு இணைத்திருக்கிறார்களா என்று அதற்கு முன்பே பாருங்கள். பல பேனல்களில் அதன் இரண்டு வயர்களும் டெர்மினலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்த ஆலையில் டேப்பை 65-க்கு ஏற்றி, டைமரை 7.5-க்கு இறக்கிய மறு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நானே போய் நின்றேன். எண்ணெயைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. போட்டதும் கரண்ட் மேலே போய் நின்றது, ஆறாவது விநாடி தொடங்கும்போது இறங்கியது, ஏழரையில் கான்டாக்டர்கள் 'டக்-டக்' என்றன. ஊசி லேசாகத் துள்ளி அடங்கியது. ஆபரேட்டர் தறிகள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சார், மாறிடுச்சா?" என்று கேட்டார்.